கல்குவாரிக்கான சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து வழக்காடியபோது நான் அறிந்துகொண்டவை

எங்கள் ஊரின் மேற்கு எல்லையில் புதிதாகத் தொடங்கவிருந்த ஒரு கல்குவாரிக்கு 2023 ஜூன் மாதம் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அதை எதிர்த்துச் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் நான் மேல்முறையீடு செய்தேன். பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியையான எனக்கு அந்த இடத்துக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்பும் ஒரு திறந்தவெளிக் கிணறும் இருக்கின்றன. ஊரில் பலருக்கு என் கருத்தோடு உடன்பாடு இருந்தாலும், வழக்கில் பெயர் சேர்க்க எவரும் முன்வரவில்லை. குவாரியில் லாரி ஓட்டும் பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே இருப்பதால் அந்தத் தயக்கம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் எந்தக் காரணங்களைச் சொன்னால் தீர்ப்பாயம் கேட்கும், எவற்றைச் சொன்னால் காலம்தான் வீணாகும் என்று எடுத்துச் சொல்ல ஒருவர்கூட இல்லாமல் அலைந்த மாதங்கள் மிகுந்த மன உளைச்சலைத் தந்தன. அதே நிலையில் இன்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கால வரம்பைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதைத் தாண்டிய பிறகுதான் பேசப்படும். 2010-ஆம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி, அனுமதி ஆணை தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். போதுமான காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை தீர்ப்பாயம் தாமதத்தை மன்னிக்கலாம். அந்த 90 நாட்களும் கடந்துவிட்டால், காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கே கிடையாது. தெரிவிக்கப்பட்ட நாள் எது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படியும் அனுமதி ஆணையின் நிபந்தனைகளின்படியும், அனுமதி பெற்றவர் ஏழு நாட்களுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும். அவற்றில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். ஆணையின் நகலை ஊராட்சிக்கும் கொடுக்க வேண்டும்; ஊராட்சி அதை 30 நாட்கள் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும். இவற்றுடன் ஆணை இணையதளத்திலும் ஏற்றப்படும். இப்படிப் பல வழிகளில் தெரிவிக்கப்படும்போது, அவற்றில் முதலில் நடந்ததிலிருந்தே நாட்கள் ஓடத் தொடங்கும் என்று எடுத்துக்கொண்டு செயல்படுவதே பாதுகாப்பானது.

எங்கள் ஊராட்சி அலுவலகப் பலகையில் அந்த ஆணை ஒட்டப்படவில்லை. விளம்பரம் வந்த நாளிதழ் எங்கள் ஊருக்கு வருவதே இல்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் மண் அள்ளும் இயந்திரம் வந்து முட்புதர்களை அகற்றத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விவரம் தெரிந்தது. அதற்குள் முதல் 30 நாட்கள் முடிந்திருந்தன. அன்று இரவு நான் உறங்கவில்லை. மறுநாளே ஊராட்சிச் செயலரிடம் சென்று, ஆணையின் நகல் எந்தத் தேதியில் வந்தது, பலகையில் ஒட்டப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெற்றேன். நகல் பதிவேட்டில் ஏறவே இல்லை என்று அந்தப் பதிலில் இருந்தது. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவுக்கு அந்த ஒரு தாள்தான் உயிராக இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு ஆணை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்தப் பதிலுக்கே 30 நாட்கள் வரை ஆகும். parivesh.nic.in தளத்தில் மாநிலத்தையும் திட்டத்தின் வகையையும் கொடுத்துத் தேடினால் ஆணை, விண்ணப்பப் படிவம், சுரங்கத் திட்டம், இடத்தின் வரைபடக் கோப்பு ஆகியவற்றைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். நான் அவற்றை வைத்தே மேல்முறையீட்டைத் தயாரித்து ஆகஸ்ட் இறுதியில் தாக்கல் செய்தேன்.

வழக்கறிஞரிடம் முதன்முதலாகச் சென்றபோது என்னிடம் நீண்ட குறைப்பட்டியல் ஒன்று இருந்தது. வெடி வைத்தால் வீடுகள் விரிசல் விடும், தூசியால் தென்னை காயும், குவாரிக்காரருக்கு ஏற்கெனவே வேறு இடத்தில் அபராதம் விதிக்கப்பட்டிருக்கிறது, குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்ற விதி மீறப்பட்டிருக்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தேன். அவர் முழுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டு, "அம்மா, இதில் பாதி குவாரிக் குத்தகையைப் பற்றியது, மீதி உங்கள் அச்சத்தைப் பற்றியது. அனுமதியில் என்ன பிழை என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை" என்றார். கேட்ட கணத்தில் வருத்தமாக இருந்தது. ஆனால் பின்னால் நடந்த அனைத்தும் அந்தச் சொற்களிலிருந்துதான் தொடங்கின. 300 மீட்டர் விதி 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் இருப்பது. பசுமைத் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்கள் எவை என்று அதன் சட்டத்தின் முதல் அட்டவணையில் பட்டியலிடப்பட்டுள்ளது. அதில் கனிமச் சட்டம் இல்லை. ஆகவே குத்தகையை எதிர்ப்பதற்கு மாவட்ட ஆட்சியர், கனிம வளத் துறை, உயர் நீதிமன்றம் என்று வேறு வழி இருக்கிறது. அனுமதியை எதிர்ப்பவர், அனுமதி வழங்கப்பட்ட முறையில் சட்டம் கோரிய ஒரு படி தவறியதா, அதற்கு ஆதாரமாக வைத்த தகவல் பொய்யா, முடிவெடுத்த குழு காரணம் சொல்லாமல் விட்டதா என்ற மூன்றில் ஒன்றையாவது காட்ட வேண்டும்.

எங்கள் வழக்கில் தவறிய படி கருத்துக்கேட்புக் கூட்டம். அது ஏன் நடக்கவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டுக் கல்குவாரிகளில் பெரும்பாலும் சண்டை இங்கேதான் இருக்கிறது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த தனிக் குவாரிக்கு விரிவான தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டாம், கருத்துக்கேட்பும் வேண்டாம். அது 'பி2' என்ற வகையில் அடங்கும். இந்தச் சலுகையைப் பெறுவதற்காகப் பெரிய பாறைப் பரப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து விண்ணப்பிக்கும் வழக்கம் வந்ததால், 2016 ஜனவரி 15-ஆம் தேதி அறிவிக்கை 'தொகுப்பு' என்ற கருத்தைக் கொண்டுவந்தது. ஒரு குத்தகை நிலத்தின் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் அதே கனிமத்துக்கான வேறு குத்தகையின் எல்லை வந்தால் இரண்டும் ஒரே தொகுப்பு. தொகுப்பின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால், அதிலுள்ள சிறிய குவாரிக்கும் தாக்க மதிப்பீடும் கருத்துக்கேட்பும் கட்டாயம் என்று சதேந்திர பாண்டே வழக்கில் 2018 செப்டம்பர் 13-ஆம் தேதி பசுமைத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் இயங்காத குத்தகைகளையும், 2016 ஜனவரி 15-ஆம் தேதிக்குள்ளேயே அனுமதி பெற்றிருந்த குத்தகைகளையும் பரப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2016 ஜூலையில் ஒரு விலக்கும் வந்தது. எதிர்த்தரப்பு இந்த விலக்கைத்தான் முதலில் எடுத்து வைக்கும்; எனவே பக்கத்துக் குவாரியின் அனுமதித் தேதியையும், அது இயங்குவதற்கான ஆதாரத்தையும் சேர்த்தே தேட வேண்டும்.

விண்ணப்பத்துடன், 500 மீட்டர் சுற்றளவில் என்னென்ன குவாரிகள் இருக்கின்றன என்று மாவட்டக் கனிம வளப் பிரிவு கொடுத்த ஒரு கடிதம் இருந்தது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு பெரும்பாலும் இந்தக் கடிதத்தை வைத்தே வகையைத் தீர்மானிக்கிறது. அதில் புதிய குவாரியின் 3.42 ஹெக்டேரும் பழைய குவாரி ஒன்றின் 1.10 ஹெக்டேரும் சேர்த்து மொத்தம் 4.52 ஹெக்டேர் என்று காட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் மாடு மேய்ப்பவரைக் கேட்டாலும் அங்கே மூன்றாவது குவாரி ஒன்று இயங்குகிறது என்று சொல்வார். அது ஓடைக்கு அப்பால், பக்கத்து வட்டத்தின் வருவாய்க் கிராமத்தில் வருகிறது. கடிதம் எழுதியவர்கள் எங்கள் கிராமத்தின் புல எண்களை மட்டும் பார்த்திருக்க வேண்டும். ஆனால் 500 மீட்டர் என்பது தரையில் அளக்கும் தூரம். கிராம எல்லை வந்ததும் அது நின்றுவிடாது. அந்த மூன்றாவது குவாரியின் பரப்பு 2.36 ஹெக்டேர், அனுமதி பெற்றது 2019-இல். அதையும் சேர்த்தால் 6.88 ஹெக்டேர் ஆகிறது.

இதை நிரூபித்த விதத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு சுரங்கத் திட்டத்திலும் குத்தகை நிலத்தின் மூலைப் புள்ளிகளுக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொடுத்திருப்பார்கள். புதிய குவாரி, மூன்றாவது குவாரி ஆகிய இரண்டின் புள்ளிகளையும் கூகுள் எர்த்தில் குறித்து, அருகருகே இருக்கும் எல்லைகளுக்கு இடையில் அளந்தபோது சுமார் 310 மீட்டர் வந்தது. நடுப்புள்ளியிலிருந்து நடுப்புள்ளிக்கு அளப்பது தவறு. எல்லையிலிருந்து எல்லைக்கு அளக்க வேண்டும். நான் கணினியில் அளந்ததை மட்டும் தாக்கல் செய்தால் எதிர்த்தரப்பு மறுக்கும் என்பதால், உரிமம் பெற்ற நில அளவையர் ஒருவரை அழைத்து இரண்டு கிராமங்களின் புலப்படங்களையும் இணைத்து அளக்கச் செய்தேன். அவர் வேலையை முடித்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், இது கண்ணுக்கே தெரியுதுங்களே, இதுக்கா கோர்ட்டு வரைக்கும் போறீங்க" என்று கேட்டார். கண்ணுக்குத் தெரிவது கோப்பில் இல்லாவிட்டால் அது நடக்காததாகவே கருதப்படும் என்பதை அந்த மாதங்களில் நான் நன்றாகக் கற்றிருந்தேன்.

செலவைப் பொறுத்தவரை, இழப்பீடு கோராத மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பாயக் கட்டணம் 1,000 ரூபாய் மட்டுமே. மற்ற செலவுகள்தான் பெரியவை. வழக்கறிஞருக்கு 60,000 ரூபாய், நில அளவையருக்கு 15,000 ரூபாய், தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்ய 12,000 ரூபாய், நகல்களுக்கும் பயணத்துக்கும் ஏறக்குறைய 20,000 ரூபாய் என்று என் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போயிற்று. தீர்ப்பாயத்தின் அலுவல் மொழி ஆங்கிலம் என்பதால் மொழிபெயர்ப்புச் செலவைத் தவிர்க்க முடியாது. கிராமக் கணக்கும் ஊராட்சிப் பதிலும் மொழிபெயர்ப்பு இல்லாமல் எடுத்துக்கொள்ளப்படமாட்டா. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மேல்முறையீடு தாக்கலானதாலேயே வேலை நின்றுவிடாது. இடைக்காலத் தடைக்குத் தனி மனு கொடுக்க வேண்டும். குத்தகைப் பத்திரம் கையெழுத்தாகிவிட்டதா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு கிடைத்துவிட்டதா என்பதையும் அதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை இல்லாமல் கல் உடைக்கவே முடியாது. இசைவு இன்னும் வழங்கப்படாத நிலையில் நாங்கள் மனு கொடுத்ததால், வழக்கு முடியும் வரை கல் எடுப்பதில்லை என்று குவாரித் தரப்பே பதிவு செய்தது.

சேப்பாக்கத்தில் கலச மஹாலில் நடந்த முதல் விசாரணைக்கு நேரில் சென்றேன். பிறகு பெரும்பாலானவற்றைக் காணொலி வழியாகவே பார்த்தேன். தீர்ப்பாயம் இரு தரப்பு வாதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், பல துறை அலுவலர்கள் கொண்ட கூட்டுக் குழு ஒன்றை அமைத்து இடத்தைப் பார்த்து அறிக்கை தரச் சொன்னது. குழு வரும் தேதி முன்கூட்டித் தெரிவிக்கப்படும் என்று நம்பிக் காத்திருக்காமல், மனுதாரர் முன்னிலையில் அளக்க வேண்டும் என்று வழக்கறிஞர் வழியாகக் கேட்டுப் பெறுவது நல்லது. நான் உடன் நடந்து மூன்றாவது குவாரியின் எல்லைக் கல்லைக் காட்டினேன். அவர்கள் அளவும் 500 மீட்டருக்கு மிகக் குறைவாகவே வந்தது. அந்தக் குவாரி இயங்குவதற்கு, கல் ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கான நடைச் சீட்டுகளே சான்றாக இருந்தன. 2024-இன் பிற்பகுதியில் தீர்ப்பாயம் அனுமதியை ரத்து செய்து, விண்ணப்பத்தைத் தொகுப்பாகக் கருதி, தாக்க மதிப்பீடும் கருத்துக்கேட்பும் நடத்திப் புதிதாக முடிவெடுக்குமாறு திருப்பி அனுப்பியது. அன்று நான் அழுதேன். ஊரில் சிலர் குவாரியே ஒழிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டார்கள். அப்படி இல்லை என்பதை அவர்களுக்குப் புரியவைப்பது எனக்கு அடுத்த வேலையாயிற்று. தவறிய படியைத் திரும்ப நடத்துங்கள் என்பதுதான் இத்தகைய வழக்கில் கிடைக்கக்கூடிய பெரிய வெற்றி.

அடுத்து வந்த தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையைப் படித்தபோது எனக்குக் கடுங்கோபம் வந்தது. ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருந்த அந்த அறிக்கைக்குத் தமிழில் ஒரு சிறு சுருக்கம் மட்டுமே இருந்தது. சுருக்கத்தில் நிலத்தடி நீர் பாதிக்கப்படாது என்று ஒரு வரி. ஏன் பாதிக்கப்படாது என்று முழு அறிக்கையில் தேடினால், நீர்மட்டம் தரைக்குக் கீழ் 65 மீட்டரில் இருப்பதாகவும், குவாரி 42 மீட்டர் ஆழம் மட்டுமே போகும் என்பதால் நீரைத் தொடாது என்றும் எழுதியிருந்தார்கள். எங்கள் பகுதியின் திறந்தவெளிக் கிணறுகள் 18 முதல் 20 மீட்டர் ஆழம்தான். கோடையிலும் அவற்றில் தண்ணீர் நிற்கிறது. அப்படியானால் 65 மீட்டர் என்ற எண் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து வந்திருக்க வேண்டும். கடினப் பாறைப் பகுதியில் மேலே சிதைந்த பாறையில் நிற்கும் நீரையும், ஆழத்தில் விரிசல்களில் ஓடும் நீரையும் ஒன்றாகக் கருதக் கூடாது. 42 மீட்டர் குழி மேலுள்ள நீரை முழுவதும் வெட்டிச் செல்லும். பக்கத்துக் கிணறுகளின் நீர் அந்தக் குழிக்குள் வடியும். அறிக்கையில் நீங்கள் முதலில் தேட வேண்டியவை குவாரியின் இறுதி ஆழமும் நீர்மட்டமும் என்று உறுதியாகச் சொல்வேன். அடுத்து, குவாரி வருவதற்கு முன்பிருந்த நிலையைக் காட்டும் அடிப்படைத் தரவு எந்த மாதங்களில் எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின் மூன்று மாதத் தரவு தேவை; அது பழையதாகவும் இருக்கக் கூடாது. பெங்களூரு சுற்றுவட்டச் சாலைத் திட்டத்தில் மதிப்பீட்டு ஆய்வுக்கு விதிக்கப்பட்டுக் காலாவதியாகிவிட்ட வரையறைகளின் அடிப்படையில் அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டதற்காகவும், பழைய தரவுகளை நம்பியதற்காகவும், 2020 மார்ச் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மதிப்பீட்டைப் புதிதாகச் செய்யச் சொன்னது. விண்ணப்பப் படிவத்தில் அருகிலுள்ள காடுகளை மறைத்ததற்காகக் கோவாவின் மோப்பா விமான நிலைய அனுமதியை 2019-இல் அதே நீதிமன்றம் நிறுத்திவைத்ததும் இவ்வகையில் முக்கியமானது. குறை திருத்தப்பட்ட பிறகு அந்தத் திட்டம் தொடர அனுமதி கிடைத்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

கருத்துக்கேட்புக்கு நாளிதழ்களில் குறைந்தது 30 நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும். அந்த நாட்களை நான் கிணறுகளை அளக்கப் பயன்படுத்தினேன். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, அளவு நாடாவுடனும் அன்றைய நாளிதழுடனும் படம் எடுத்து, புல எண், உரிமையாளர் கையொப்பம், தேதி ஆகியவற்றுடன் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு தாள் தயாரித்தேன். வழக்கில் பெயர் சேர்க்க அஞ்சியவர்களும் இந்தத் தாளில் தயங்காமல் கையெழுத்திட்டார்கள். கூட்டத்தில் பேசுவதோடு நில்லாமல் எழுத்திலும் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். கூட்டம் முழுவதும் காணொலியில் பதிவாக வேண்டும்; முடிவில் எழுப்பப்பட்ட பிரச்சினைகளின் சுருக்கம் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். எங்கள் கூட்டத்தில் அதை வாசிக்காமல் முடிக்கப் பார்த்தபோது நான் எழுந்து கேட்டேன், வாசித்தார்கள். நீர்மட்டத்தைப் பற்றிய ஆட்சேபம் அதில் விடுபட்டிருந்ததால் அங்கேயே சேர்க்கச் சொன்னேன். அது பதிவாகாமல் போயிருந்தால், மதிப்பீட்டுக் குழு அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமே எழுந்திருக்காது. மக்கள் எழுப்பிய ஆட்சேபங்களைக் குழு பரிசீலித்ததற்கான காரணங்கள் அதன் முடிவில் தெரிய வேண்டும் என்று உத்கர்ஷ் மண்டல் வழக்கில் 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதை எங்கள் எழுத்து மனுவில் குறிப்பிட்டிருந்தோம்.

மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு கிணற்றுத் தாள்களை எடுத்துக்கொண்டது. குவாரியின் ஆழத்தை 42 மீட்டரிலிருந்து 27 மீட்டராகக் குறைத்து, சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தைத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையுடன் 2025-இல் அனுமதியைப் பரிந்துரைத்தது, அனுமதியும் வழங்கப்பட்டது. 27 மீட்டரும் எங்கள் கிணறுகளைவிட ஆழம்தான். எனக்கு இதில் நிறைவில்லை. மறுபடியும் மேல்முறையீடு செய்யலாமா என்று வழக்கறிஞருடன் நீண்ட நேரம் பேசினேன். தீர்ப்பாயத்தில் அறிவியல் உறுப்பினர்களும் இருப்பதால் விஷயத்தின் உள்ளே சென்று ஆராயும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் இம்முறை எந்தப் படியும் தவறவில்லை. ஆட்சேபம் பதிவாகி, காரணத்துடன் பதிலும் சொல்லப்பட்டிருக்கிறது. அதை மறுக்க வேண்டுமானால் நிலத்தடி நீர் வல்லுநர் ஒருவரின் ஆய்வறிக்கை கையில் இருக்க வேண்டும். அது 30 நாட்களுக்குள் தயாராகாது, அதற்கான பணமும் என்னிடம் இல்லை. ஆகவே அந்த வழியை விட்டுவிட்டு நிபந்தனைகளைக் கண்காணிக்கத் தீர்மானித்தேன்.

அனுமதி பெற்றவர் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் நிபந்தனைகள் நிறைவேற்றப்பட்ட விதம் பற்றி அரையாண்டு அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையில் எங்கள் கிணறுகளின் நீர்மட்டம் இடம்பெற்றிருக்கிறதா, இடம்பெற்றிருந்தால் நாங்கள் மாதந்தோறும் அளந்து எழுதிவரும் குறிப்போடு ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட்டு வருகிறேன். நிபந்தனை மீறப்பட்டால் அதற்கு 16-ஆம் பிரிவின் மேல்முறையீடு பொருந்தாது. 14-ஆம் பிரிவின்கீழ் தனி மனுவாகப் போக வேண்டும். அதற்கான கால வரம்பு, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்கள். அதனால் ஒவ்வோர் அளவிலும் தேதியும் சாட்சிக் கையொப்பமும் இருக்க வேண்டும் என்று பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.